ஒரு வினைச்சொல் மலையேறி வந்த கதை: கிளைபோசேட்டும் சிறுநீரக நோயும் 2015 தடையும்

ஒரு நோயின் பெயரிலேயே அதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய். சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத நெல் விவசாயிகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்து போவதை 1990களில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் கவனித்தார்கள். ஏன் வருகிறது என்று தெரியாததால், தெரியாது என்பதையே பெயராக வைத்தார்கள். மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான பெயர் அடிக்கடி கிடைப்பதில்லை.

இந்த நோய் எங்கேயோ தூரத்தில் இருப்பதல்ல. அனுராதபுரமும் பொலன்னறுவையும் மட்டுமல்ல, எங்கள் பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியான கிராந்துருகோட்டையும் மகியங்கனைப் பக்கமும் நோயுள்ள இடங்கள்தான். அங்கே வயலும் கிணற்றுத் தண்ணியும். மேலே பசறையில் தேயிலையும் பீலித் தண்ணியும். மாவட்டம் ஒன்று, ஆனால் மண், தண்ணி, தொழில் எல்லாமே வேறு. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்த ஒன்று, புல்லுக்கு அடிக்கிற மருந்து. அதாவது கிளைபோசேட்.

2015இல் அந்த மருந்து நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. காரணம் தெரியாது என்று பெயர் வைத்த நோய்க்கு, காரணம் இதுதான் என்று ஒரு தீர்ப்பு வந்த மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை கிளைபோசேட் நல்லதா கெட்டதா என்று முடிவு சொல்லப் போவதில்லை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அந்தத் தகுதியும் இல்லை. நாங்க பார்க்கப் போவது ஒரு வினைச்சொல்லை. «சேர்ந்து காணப்பட்டது» என்பது எந்த இடத்தில் «ஏற்படுத்துகிறது» ஆக மாறியது? அதைத் திரும்ப எப்படித் திருத்தி எழுதுவது?

தலைப்பிலேயே முடிவு

2013 ஓகஸ்டில் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய தேசிய ஆராய்ச்சியின் அறிக்கை அது. நோயுள்ள பிரதேசங்களில் மக்களைப் பரிசோதித்து, வயதைச் சீராக்கிக் கணக்கிட்டபோது ஆண்களில் 12.9 சதவீதத்துக்கும் பெண்களில் 16.9 சதவீதத்துக்கும் நோய் இருப்பதாகச் சொன்னது. நோய் முற்றிய நிலையில் ஆண்களே கூடுதல். நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் என்ற உலோகம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

ஆய்வு அக்கறையாகச் செய்யப்பட்டது. ஆனால் தலைப்பைப் பாருங்க. நோயின் பரவலும் «அதற்குக் காரணமான காரணிகளும்» என்ற பொருளில் அது அமைந்திருந்தது. ஒரு காலகட்டத்தில் ஆட்களைப் பார்த்து, அவர்களின் உடம்பையும் சிறுநீரையும் அளந்து எடுத்த தரவு அது. ஒரு புகைப்படம் மாதிரி. புகைப்படத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரியும். யார் முதலில் வந்தார், யார் யாரை அழைத்து வந்தார் என்பது தெரியாது.

கட்மியம் விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. சிறுநீரில் என்ன வெளியேறுகிறது என்பதைத் தீர்மானிப்பதே சிறுநீரகம். சிறுநீரகம் பழுதாகும்போது வெளியேறுகிற அளவும் மாறலாம். அப்போ உலோகம் சிறுநீரகத்தைக் கெடுத்ததா, கெட்ட சிறுநீரகம் உலோகத்தின் அளவை மாற்றியதா? ஒரே நேரத்தில் எடுத்த அளவை வைத்து இதைப் பிரிக்க முடியாது. அந்தத் தலைப்பை «பரவலும், நோயுடன் சேர்ந்து காணப்படும் அம்சங்களும்» என்று மாற்றியிருந்தால், தரவு ஒரு எண்கூட மாறியிருக்காது. வாசித்தவர்கள் எடுத்துக்கொண்ட செய்தி மட்டும் மாறியிருக்கும்.

நோயாளி இல்லாத கட்டுரை

அடுத்தது 2014இல் வந்தது. ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன, கலிபோர்னியாவில் பணியாற்றிய சரத் குணதிலக, சேனாநாயக்க ஆகிய மூவர் எழுதியது. கிளைபோசேட் உலோகங்களைப் பற்றிப் பிடிக்கக்கூடிய வேதிப்பொருள். வரண்ட வலயத்துக் கிணற்றுத் தண்ணியில் கல்சியம், மக்னீசியம் அதிகம். கிளைபோசேட் கடின நீரோடும் நச்சு உலோகங்களோடும் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகிச் சிறுநீரகத்துக்குப் போகிறது என்பது அவர்களுடைய கருத்து.

இது ஒரு கருதுகோள். அந்தக் கட்டுரையில் நோயாளிகளை வைத்துச் சோதித்த தரவு இல்லை. எழுதியவர்களும் அதைக் கருதுகோள் என்றே சொன்னார்கள், தலைப்பையும் கேள்வியாகவே வைத்தார்கள். ஆனால் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கிளைபோசேட் தனியாக இந்த நோயைப் பரப்பாது என்று நிதானமாகத் தொடங்கி, கடின நீரோடும் உலோகத்தோடும் சேரும்போது ஆயிரக்கணக்கான விவசாயிகளின் சிறுநீரகத் திசுவை அழிக்கும் ஆற்றலை அது பெற்றுவிட்டதாகத் தெரிகிறது என்ற பொருளில் முடிகிறது.

«அழிக்கும் ஆற்றல்». முன்னால் ஒரு «தெரிகிறது» இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஞாபகத்தில் நிற்பது எது? செய்தியாளர் எடுத்துக்கொள்வது எது? வேதியியல் ரீதியாக நடக்கக்கூடும் என்ற ஒரு யோசனை, ஆயிரக்கணக்கானோருக்கு நடந்துவிட்ட சம்பவமாக அந்த வினைச்சொல்லில் மாறிவிடுகிறது. கட்டுரையில் உள்ளதை மட்டும் வைத்து எழுதினால் இப்படி வரும்: «கிளைபோசேட் கடின நீரிலும் உலோகங்களின் முன்னிலையிலும் சிறுநீரகத்தைப் பாதிக்கும் கூட்டுப்பொருளை உருவாக்குகிறதா என்பது சோதிக்கப்பட வேண்டிய கருதுகோள்». விறுவிறுப்பு குறைவுதான். ஆனால் இது உண்மை.

305 பேரும் 5.12 என்ற எண்ணும்

ஜயசுமன, குணதிலக உள்ளிட்ட ஒரு ஆய்வாளர் அணி 2015 தொடக்கத்தில் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. இந்த முறை நோயாளிகள் இருந்தார்கள். பதவி சிறிபுர வைத்தியசாலையை மையமாக வைத்து, நோயுள்ள 125 பேரையும் நோயில்லாத 180 பேரையும் ஒப்பிட்டார்கள். கைவிடப்பட்ட கிணற்றிலிருந்து முன்பு தண்ணி குடித்த வரலாறு நோயாளிகளிடம் அதிகமாக இருந்தது, வாய்ப்பு விகிதம் 5.43. கிளைபோசேட் தெளித்த வரலாற்றுக்கு அது 5.12. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.33 முதல் 11.26 வரை.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்க. இந்தக் கட்டுரையின் தலைப்பு நிதானமானது. கிணற்று நீரும் களைநாசினியும் நோயுடன் «தொடர்புபட்டுள்ளன» என்றுதான் அது சொல்கிறது. முடிவுப் பகுதியும் அதே சொல்லையே பாவிக்கிறது. தரவு இல்லாதபோது வினைச்சொல் பலமாக இருந்தது. தரவு வந்ததும் அது அடங்கிவிட்டது. ஆனால் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது முதல் கட்டுரையின் வினைச்சொல்லும் இரண்டாவது கட்டுரையின் எண்ணும். இரண்டும் ஒட்டிக்கொண்டு «கிளைபோசேட் சிறுநீரக நோயை ஐந்து மடங்கு அதிகரிக்கிறது» என்ற மாதிரியான வாக்கியம் பிறக்கிறது. அந்த வாக்கியம் எந்தக் கட்டுரையிலும் நிரூபிக்கப்படவில்லை.

ஏன் அப்படிச் சொல்லக்கூடாது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாங்க உருவாக்கியவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்ததல்ல.

100 நோயாளிகள், 100 நோயற்றவர்கள். நோயாளிகளில் 82 பேர் மருந்து தெளித்தவர்கள், 18 பேர் தெளிக்காதவர்கள். நோயற்றவர்களில் 42 பேர் தெளித்தவர்கள், 58 பேர் தெளிக்காதவர்கள். 82ஐ 18ஆல் வகுத்து, 42ஐ 58ஆல் வகுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வாய்ப்பு விகிதம் 6.3 அளவில் வரும். பயங்கரமான எண், இல்லையா?

இப்போ அதே ஆட்களை வயல் செய்பவர், செய்யாதவர் என்று பிரிப்போம். நோயாளிகளில் 90 பேர் வயல் செய்பவர்கள், அவர்களில் 81 பேர் தெளித்தவர்கள், 9 பேர் தெளிக்காதவர்கள். நோயற்றவர்களில் வயல் செய்பவர்கள் 40 பேர், அவர்களில் 36 பேர் தெளித்தவர்கள், 4 பேர் தெளிக்காதவர்கள். இரண்டு பக்கமும் ஒன்பதுக்கு ஒன்று. வாய்ப்பு விகிதம் சரியாக 1. வயல் செய்யாதவர்களையும் பார்ப்போம். நோயாளிகளில் ஒருவர் தெளித்தவர், 9 பேர் இல்லை. நோயற்றவர்களில் 6 பேர் தெளித்தவர்கள், 54 பேர் இல்லை. அங்கேயும் ஒன்றுக்கு ஒன்பது, மறுபடி 1. அதாவது 6.3 என்ற எண் முழுவதும் வயல் வேலையிலிருந்து வந்தது. வெயிலில் நாள் முழுக்க நின்று உடம்பு வற்றுவது, வயலோரக் கிணற்றில் குடிப்பது, வேறு பல மருந்துகளைத் தொடுவது, எல்லாம் அந்த «வயல்» என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மருந்தடிப்பது அவற்றோடு கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

உண்மையான ஆய்வில் இப்படித்தான் நடந்தது என்று நாங்க சொல்லவில்லை. ஆய்வாளர்கள் இப்படியான வேறுபாடுகளைப் புள்ளியியலால் சீராக்கப் பார்ப்பார்கள். ஆனால் அளந்ததை மட்டும்தான் சீராக்க முடியும். அளக்காமல் விட்டது எண்ணுக்குள் ஒளிந்தே இருக்கும். 2.33 முதல் 11.26 என்ற இடைவெளியும் இதைப் பிடிக்காது. ஆட்களின் எண்ணிக்கை சிறியதாக இருப்பதால் வரும் தளம்பலை மட்டும்தான் அது சொல்லும். இன்னொரு பக்கம் ஞாபகமும் இருக்கிறது. எனக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று வருசக்கணக்காக யோசித்த ஒருவர், எந்த மருந்தை அடித்தார் என்பதைச் சுகமாக இருப்பவரைவிட நுணுக்கமாக ஞாபகம் வைத்திருப்பார். அதுவும் அந்த எண்ணைக் கூட்டும்.

வாக்கியத்தைக் கழற்றிப் பூட்டுவது

மேலே சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: «கிளைபோசேட் சிறுநீரக நோயை ஐந்து மடங்கு அதிகரிக்கிறது».

முதலில் எழுவாய். இங்கே மருந்து ஒரு ஆளைப் போல நின்று வேலை செய்கிறது. ஆய்வில் மருந்து எதையும் செய்வதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு கூட்டத்து மனிதர்களை ஒப்பிட்டார்கள். ஆகவே எழுவாயாக மனிதர்கள் வர வேண்டும். அடுத்தது «அதிகரிக்கிறது». அது காலத்தில் நடக்கிற மாற்றம். முன்பு இவ்வளவு, பிறகு இவ்வளவு என்று பின்தொடர்ந்து அளந்திருந்தால்தான் அதைச் சொல்லலாம். இங்கே «அதிகமாகக் காணப்பட்டது» என்பதுதான் நியாயம். மூன்றாவது «ஐந்து மடங்கு». நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் முதலிலேயே தெரிந்தெடுத்து ஒப்பிடுகிற ஆய்வில், ஒருவருக்கு நோய் வரும் ஆபத்து எவ்வளவு என்று நேரடியாகக் கணக்கிட முடியாது. கிடைப்பது வாய்ப்பு விகிதம். அதை அதன் பெயராலேயே, அதன் இடைவெளியோடு சொல்ல வேண்டும்.

பூட்டிப் பார்த்தால் இப்படி வரும்: «பதவி சிறிபுரவில் ஒப்பிடப்பட்ட 125 நோயாளிகளிடையே, கிளைபோசேட் தெளித்த வரலாறு 180 நோயற்றவர்களிடையே இருந்ததைவிட அதிகமாகக் காணப்பட்டது. வாய்ப்பு விகிதம் 5.12, 95 சதவீத இடைவெளி 2.33 முதல் 11.26 வரை. இந்தத் தொடர்பு மருந்தால் வந்ததா, மருந்தடிப்போரின் வேலை, தண்ணீர் போன்றவற்றால் வந்ததா என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை».

சொல்லை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. இரண்டு பிழைகள் பின்கதவால் திரும்பி வரும். ஒன்று, முடிவில் «தொடர்புள்ளது» என்று எழுதிவிட்டு அடுத்த பந்தியில் «ஆகவே தடை செய்தால் இத்தனை பேரைக் காப்பாற்றலாம்» என்பது. காப்பாற்றலாம் என்று சொல்வதும் காரணம் சொல்வதுதான். மற்றது, «ஏற்படுத்துகிறது» என்பதை «ஏற்படுத்தக்கூடும்» என்று மாற்றிவிட்டுத் திருப்திப்படுவது. அது சந்தேகத்தோடு சொன்ன காரணம். கண்டதைச் சொல்லும் வாக்கியம் அல்ல.

தமிழில் எங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆங்கிலப் பொதுச்சுகாதார நூல்களில் நோயோடு சேர்ந்து வருகிற அம்சத்துக்குப் பாவிக்கிற சொல்லை நாங்க «ஆபத்துக் காரணி» என்று மொழிபெயர்க்கிறோம். மூலச்சொல்லில் காரணம் வெளிப்படையாக இல்லை. தமிழில் «காரணி» என்றதுமே காரணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. «தொடர்பு» என்ற சொல்லும் அப்பாவி இல்லை. அந்தக் களவுக்கும் அவனுக்கும் தொடர்பு இருக்கு என்றால் எங்க ஊரில் என்ன அர்த்தம்? அவனும் கள்ளன் என்றுதான். அதனால் தமிழில் எழுதும்போது «தொடர்பு» என்ற ஒற்றைச் சொல்லை நம்பியிருக்காமல், யாரிடம் எது எவரைவிட அதிகமாக இருந்தது என்று விரித்துச் சொல்வதே பாதுகாப்பு.

மலைக்கு வந்த தடை

முதலில் நோயுள்ள சில பகுதிகளுக்கு மட்டும் கட்டுப்பாடு வந்தது. பிறகு 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடு தழுவிய தடையை அறிவித்தார், ஜூனில் வர்த்தமானி வந்தது. அதே வருசம் மார்ச்சில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கிளைபோசேட்டை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்திருந்தது. புற்றுநோய் வேறு கேள்வி, சிறுநீரகம் வேறு கேள்வி. பொது விவாதத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாகிவிட்டன.

தோட்டத்தில் இதன் பொருள், புல்லு வளர்ந்தது. கையால் புல்லு வெட்ட ஆள் போதவில்லை. புல்லு மண்டிய மலையில் கொழுந்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொழுந்து எடுக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். கம்பனிகள் நட்டக் கணக்குக் காட்டின. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது.

அந்த மூன்று வருசத்தில் எதிர்த்தரப்பிலும் ஒரு வாக்கியம் ஓடியது: «தேயிலைத் தோட்டத்தில் எவ்வளவோ வருசமாக அடிக்கிறோம், அங்கே இந்த நோய் இல்லை, ஆகவே கிளைபோசேட் காரணமில்லை». கேட்கும்போது சரி மாதிரித்தான் இருக்கும். ஆனால் இதுவும் அதே பிழை, தலைகீழாக. ஒப்பிடுவது ஆட்களை அல்ல, முழுப் பிரதேசங்களை. மலையில் தண்ணி வேறு, வெயில் வேறு, வேலை வேறு. அதோடு 2014 கருதுகோளே கடின நீர் வேண்டும் என்றுதான் சொன்னது. மலைநாட்டில் நோய் அதிகம் காணப்படாதது அந்தக் கருதுகோளைப் பொய்யாக்கவும் இல்லை, மெய்யாக்கவும் இல்லை. திருத்தி எழுதினால்: «கிளைபோசேட் பரவலாகப் பாவிக்கப்பட்ட மலைநாட்டுத் தோட்டங்கள் இந்நோய் பரவிய பிரதேசங்களாக அறியப்படவில்லை. ஆகவே கிளைபோசேட் மட்டுமே போதுமான காரணம் என்ற கூற்றுக்கு இது ஆதரவளிக்கவில்லை». அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. தோட்டத்தில் டாங்கியை முதுகில் சுமந்து மருந்தடிக்கிறவருக்கு இது ஆபத்தில்லை என்ற சான்றிதழ் இந்த வாக்கியத்துக்குள் இல்லை.

அடக்கம் என்றால் சும்மா இருப்பதா?

ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் தொடர்பு, தொடர்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால் கம்பனிக்காரனுக்குத்தானே லாபம்? நியாயமான கேள்வி. சிகரெட் கம்பனிகள் பல பத்தாண்டுகள் அப்படித்தான் தப்பித்தன.

ஆனால் சிகரெட் கதை எப்படி முடிந்தது என்று பாருங்க. 1950இல் டோலும் ஹில்லும் லண்டனில் செய்ததும் நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிடும் ஆய்வுதான். அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1951இல் பிரித்தானிய வைத்தியர்களிடம் புகைப்பழக்கத்தை முதலிலேயே கேட்டு எழுதிவைத்து, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று வருசக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். புகை முந்தியது, நோய் பிந்தியது என்பது தெளிவானது. கூடப் புகைத்தவருக்குக் கூட ஆபத்து, விட்டவருக்குக் குறைவு என்பதும் தெரிந்தது. பரீட்சார்த்தச் சோதனை இல்லாமலே «ஏற்படுத்துகிறது» என்ற வினைச்சொல்லை அவர்கள் சம்பாதித்தார்கள். கவனித்துப் பார்க்கும் ஆய்வு ஒருநாளும் காரணம் சொல்லாது என்பதல்ல விசயம். ஒரு ஆய்வு தன்னிடம் உள்ள சாட்சியைத் தாண்டிப் பேசக்கூடாது என்பதுதான்.

நிச்சயம் வரும்வரை அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்ல குடிநீர் கொடுக்கலாம், மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயமாக்கலாம், முன்னெச்சரிக்கையாக ஒரு மருந்தை நிறுத்தியும் வைக்கலாம். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியம்: «காரணம் இன்னும் தெரியவில்லை. ஆனால் இந்தத் தொடர்பு கவலைக்குரியது. அதனால் ஆய்வு முடியும்வரை இதைச் செய்கிறோம்». அப்படிச் சொன்னால் அடுத்து என்ன ஆய்வு, எப்போது முடியும், நட்டத்தை யார் தாங்குவது என்று மக்கள் கேட்கலாம். «இதுதான் காரணம்» என்று சொன்னால் கேள்வி அங்கேயே முடிந்துபோகும். தடை வந்தது, 2018இல் பாதி நீங்கியது. கிராந்துருகோட்டையில் கிளினிக்குக்குப் போகிறவரின் கார்டில் எழுதியிருப்பது இன்றும் அதே பெயர்தான்: காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்.